வாடகையை 18 சதவீதம் ஏற்றி நோட்டீஸ்: குறைத்துக் கேட்டு இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொள்ள முடியுமா?

மூன்றாம்மாடி | ஏப்ரல் 13, இரவு 9:40

நேற்று வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. ஜூன் 1 முதல் வாடகை 18 சதவீதம் கூடும், சம்மதமா என்று சொல்லுங்கள், அவ்வளவுதான். காரணம் எதுவும் சொல்லவில்லை. கணக்கு எளிதாக இருக்க இப்போதைய மாத வாடகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அவர் கேட்பது 118.

நாலு வருடமாக இருக்கிறேன். ஒப்பந்தம் மே 31-இல் முடிகிறது. ஒருநாள்கூடத் தாமதமாக வாடகை கொடுத்ததில்லை. வீட்டை விட்டுப் போக மனமில்லை, பையன் பள்ளி நடந்து போகும் தூரம். ஏற்றவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஏற்றம் சின்னதாக இருக்க வேண்டும், அதோடு வருடா வருடம் இந்தத் தலைவலி வராமல் இரண்டு வருடத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு எப்படிப் பதில் எழுதுவது? யாராவது எழுதி நடந்திருக்கிறதா?

நேர்வழி | ஏப்ரல் 13, இரவு 10:15

ஒப்பந்தம் இருக்கும்போது ஏற்றவே முடியாது. கையெழுத்துப் போட்ட தொகைதான் தொகை. அதைச் சொல்லிவிட்டுப் பழைய வாடகையையே கட்டுங்கள், பேச்சே வேண்டாம்.

சாவிக்கொத்து | ஏப்ரல் 13, இரவு 11:02

நேர்வழி சொல்வது ஒப்பந்தக் காலத்துக்குள் சரி. இவர் கேட்பது மே 31-க்கு அப்புறம். காலம் முடிந்துவிட்டால் புதிய தொகை கேட்க வீட்டுக்காரருக்குப் பொதுவாக வழி உண்டு. வாடகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் ஊர்களில் மட்டும் கதை வேறு, அதை உங்கள் ஊரில் முதலில் விசாரித்துவிடுங்கள்.

பதினாலு வருடமாக மற்றவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறேன். எழுத உட்காருவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடத்தைப் பாருங்கள். வாடகையை மாற்ற எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று இருக்கிறதா? புதுப்பிப்பதைப் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா? அப்புறம் அந்தச் செய்தி வந்த தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எந்தக் காரணத்துக்காகவும் பேச்சு முடியும் முன் 118-ஐக் கட்டிவிடாதீர்கள். ஒரு மாதம் கட்டினாலே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பழைய வாடகையை மட்டும் சரியான தேதியில் கட்டுங்கள், ஒருநாள்கூடத் தள்ளாமல்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 14, காலை 7:20

பார்த்தேன். "வாடகை மாற்றத்தை 60 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்று இருக்கிறது. செய்தி வந்தது ஏப்ரல் 12. ஜூன் 1-க்கு 50 நாள்தான். அப்படியானால் நோட்டீஸே செல்லாது, இல்லையா? கோபத்தில் இதையே முதல் வரியாக எழுதிவிட்டேன்.

நேர்வழி | ஏப்ரல் 14, காலை 8:05

அதைத்தான் நானும் சொன்னேன். செல்லாது என்று எழுதி முடித்துவிடுங்கள்.

சாவிக்கொத்து | ஏப்ரல் 14, காலை 9:30

எழுதினால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். அவர் புதுத் தேதி போட்டு இன்னொரு நோட்டீஸ் அனுப்புவார். உங்களுக்கு மிஞ்சுவது ஒரு மாதம். அதற்கு விலையாக, பேச வந்த மனிதரைத் தப்புச் செய்தவராக ஆக்கிவிடுகிறீர்கள். மே 31-இல் ஒப்பந்தமே முடிகிறது, அப்புறம் அந்த 60 நாள் வரி எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவர் பக்கத்திலிருந்தும் வாதாடலாம். இரண்டு தரப்பும் பேசி நான் பார்த்திருக்கிறேன், ஒரே முடிவு வந்ததில்லை.

அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஓங்காதீர்கள். "ஒப்பந்தப்படி புதிய வாடகை ஜூலை 1 முதல்தான் வர வேண்டும், இருந்தாலும் தொகையும் காலமும் ஒத்துவந்தால் ஜூன் 1 முதலே கொடுக்கிறேன்" என்று எழுதலாம். உங்களுக்கு வரவேண்டிய ஒன்றை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் இழப்பது ஒரு மாதத்து வித்தியாசம் மட்டும்.

கடைமுனை | ஏப்ரல் 14, மதியம் 1:10

எனக்கும் இதே நிலைமை, கடை வாடகை. முன்பணத்தையும் சேர்த்து ஏற்றச் சொல்கிறார். கொடுக்க வேண்டுமா?

சாவிக்கொத்து | ஏப்ரல் 14, மதியம் 1:45

கடைமுனை, கடைக்கு விதிகள் பல இடங்களில் வேறு. நீங்கள் போட்ட அலமாரி, பெயர்ப்பலகை, பழகிய வாடிக்கையாளர் எல்லாம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது அவருக்கும் தெரியும். தனியாகக் கேளுங்கள், இதோடு கலந்தால் இரண்டு பேரும் குழம்புவீர்கள். ஆனால் மூன்றாம்மாடி, அவர் கேள்வி உங்களுக்கும் உதவும். முன்பணம் மாறாது என்று ஒரு வரி பதிலில் போட்டுவிடுங்கள். வாடகையைக் குறைத்துவிட்டு முன்பணத்தில் ஈடுகட்டுகிறவர்கள் உண்டு.

பழையகுடித்தனம் | ஏப்ரல் 14, இரவு 8:50

என் அனுபவத்தைச் சொல்கிறேன். மூணு வருடம் முன்பு இதே மாதிரி நோட்டீஸ் வந்தபோது வீட்டில் இருந்த குறை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் கொக்கி இல்லை, குளியலறைக் கதவு உப்பிவிட்டது, மாடிப்படி விளக்கு எரியவில்லை, எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட நான் முன்னால் எழுத்தில் சொன்னதில்லை. அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: "இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் இருக்கிறீர்கள், வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள்." அதுதான் எங்கள் கடைசிக் கடிதப் போக்குவரத்து. இரண்டு மாதத்தில் காலி செய்தேன். இன்றைக்கும் அந்த வீட்டு முற்றம் நினைவுக்கு வந்தால் மனசு கனக்கும்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 15, காலை 6:55

அக்கா, நல்லவேளை சொன்னீர்கள். நேற்று நான் எழுதி வைத்திருந்ததிலும் ஏழு குறைகள் இருந்தன. ஆறை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் விட மனமில்லை: சமையலறைத் தொட்டிக்குப் பின்னால் சுவரில் நீர்க்கசிவு. ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செய்தியாகவே இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன்.

சாவிக்கொத்து | ஏப்ரல் 15, காலை 7:30

அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாடகையைக் குறைக்கக் காரணமாகச் சொல்லாதீர்கள், ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகக் கேளுங்கள். "கசிகிறது, அதனால் குறையுங்கள்" என்றால் சண்டை. "ஜூன் மாதத்துக்குள் கசிவைச் சரிசெய்து தந்தால் இந்தத் தொகைக்கு இரண்டு வருடம் கையெழுத்திடுகிறேன்" என்றால் பேரம். அந்தச் சுவர் அவருடைய சொத்து, சரிசெய்வதில் அவருக்கும் லாபம்தான்.

இரண்டுவீட்டுக்காரர் | ஏப்ரல் 15, இரவு 9:15

இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேசட்டும். எனக்கு வாடகைக்கு விட்ட வீடு இரண்டு. குடியிருப்பவரிடமிருந்து பதில் வரும்போது நான் மனசுக்குள் போடுகிற கணக்கு ஒன்றே ஒன்றுதான்: இவர் போனால் எனக்கு என்ன ஆகும்?

உங்கள் எண்ணையே வைத்துப் போடுகிறேன். நீங்கள் போய்விட்டால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வைப்போம். 118 வீதம் 11 மாதம், 1298. வெள்ளையடித்துச் சுத்தம் செய்ய 60, தரகுக்கு அரை மாத வாடகை 59. கையில் நிற்பது 1179. இரண்டாம் வருடம் முழுசாக 1416. இரண்டு வருடத்துக்கு 2595.

நீங்கள் முதல் வருடம் 106, இரண்டாம் வருடம் 112 என்று தந்து தங்கிவிட்டால் 1272-ம் 1344-ம், மொத்தம் 2616. அதாவது உங்களைக் குறைந்த வாடகைக்கு வைத்துக்கொண்டாலும் எனக்கு நஷ்டமில்லை, 21 கூடத்தான் வருகிறது. நாலு வருடம் ஒழுங்காகக் கட்டின ஆள் என்ற நிம்மதி தனி.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 15, இரவு 9:50

அண்ணா, இந்தக் கணக்கை அப்படியே கடிதத்தில் போட்டுவிடலாமா? இதைவிட நல்ல காரணம் எனக்கு ஏது?

இரண்டுவீட்டுக்காரர் | ஏப்ரல் 15, இரவு 10:20

போடலாம் தம்பி. எண் பேசினால் எனக்குப் பிடிக்கும்.

சாவிக்கொத்து | ஏப்ரல் 15, இரவு 10:45

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. "நான் போனால் வீடு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும்" என்பதை வீட்டுக்காரர்கள் பலர் மிரட்டலாகத்தான் படிப்பார்கள். அதோடு அந்தக் கணக்கு முழுக்க ஒரு மாதக் காலியின் மேல் நிற்கிறது. காலி இரண்டு வாரம்தான் என்றால் என்ன ஆகிறது பாருங்கள். பதினொன்றரை மாதத்துக்கு 1357, செலவு 119 போக 1238, அடுத்த வருடம் 1416, மொத்தம் 2654. உங்கள் 2616 அதைவிடக் குறைவு. அவர் கையில் ஏற்கனவே ஆள் இருந்தால் இன்னும் மோசம். நீங்கள் கணக்குக் காட்டினால் அவரும் திருப்பிக் கணக்குக் காட்டுவார், உங்கள் ஊகத்தைப் பிடித்துக்கொள்வார்.

கணக்கு உங்களுக்கு. எவ்வளவு வரை ஏறலாம் என்று முடிவு செய்ய. கடிதத்தில் அதன் விளைவை மட்டும் நல்ல வார்த்தையில் சொல்லுங்கள்: இரண்டு வருடம் வீடு காலியாகாது, தரகு இல்லை, புது ஆளைப் பழக்க வேண்டியதில்லை.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 16, காலை 7:10

இரவு தூக்கம் வராமல் வேறு வேறு காலி நாட்களுக்குப் போட்டுப் பார்த்தேன். சாவிக்கொத்து சொல்வது சரி, ஒரு மாதக் காலியில் மட்டும்தான் 106/112 நிற்கிறது. இரண்டு வாரம் என்றால் 108/112 கொடுத்தாலும் மொத்தம் 2640, அப்போதும் 14 குறைவு. ஆனால் அந்த 14-க்காகத் தெரியாத ஆளை யாரும் கூட்டிவர மாட்டார்கள் என்று தோன்றுகிறது. ஆக என் எல்லை 108/112. கேட்கத் தொடங்குவது 106/112. எழுதி மேசையில் ஒட்டிவிட்டேன், பேசும்போது பதறிப்போய் 110 என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

நேர்வழி | ஏப்ரல் 16, காலை 8:40

103-இலிருந்து தொடங்கினால்தான் 108-இல் வந்து நிற்கும்.

இரண்டுவீட்டுக்காரர் | ஏப்ரல் 16, காலை 9:05

பக்கத்து வீடுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று தெரியாமல் 103 என்று எழுதினால், அவர் தெரிந்து வைத்திருந்தால், அதற்கு மேல் படிக்கவே மாட்டார். முதலில் அதைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 18, இரவு 10:30

இரண்டு நாளாக அதைத்தான் செய்தேன். மூன்று வீடு கிடைத்தது.

எங்கள் கட்டிடத்திலேயே இரண்டாம் மாடி, அதே அளவு. போன வருடக் கடைசியில் 104-க்குக் குடிவந்திருக்கிறார்கள், அவர்களே சொன்னார்கள். அடுத்த கட்டிடத்தில் ஒன்று 112 என்று விளம்பரம், ஆனால் வண்டி நிறுத்த இடத்தோடு. இங்கே அந்த இடத்துக்குத் தனியாக 5 வாங்குகிறார்கள், எனக்கு அது கிடையாது. அதைக் கழித்தால் 107. மூன்றாவது, தெருக்கோடியில் 118 என்று விளம்பரம். பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது, அப்படியானால் அவர் கேட்பது நியாயம்தானே என்று.

சாவிக்கொத்து | ஏப்ரல் 18, இரவு 11:00

அந்த மூன்றாவது விளம்பரம் எப்போது போட்டது?

மூன்றாம்மாடி | ஏப்ரல் 19, காலை 8:15

போய்க் கேட்டேன். ஏழு வாரமாகக் காலி! நேற்றுதான் 113-க்குக் குறைத்திருக்கிறார்கள், இன்னும் ஆள் வரவில்லை.

சாவிக்கொத்து | ஏப்ரல் 19, காலை 8:40

கிடைத்ததிலேயே மதிப்பான தகவல் இதுதான். விளம்பரத்தில் இருப்பது வீட்டுக்காரரின் ஆசை, கையெழுத்தானதுதான் விலை. 118-க்கு ஏழு வாரம் ஆள் வரவில்லை என்பது உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் அதே எண்ணைப் பற்றிய செய்தி. விளம்பரத்தைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குறைத்த பிறகும் எடுங்கள்.

பழையகுடித்தனம் | ஏப்ரல் 19, மதியம் 12:30

சம்பளம் ஏறவில்லை, செலவு கூடிவிட்டது என்று எழுத வேண்டாமா? இப்போது இருக்கிற வீட்டில் நான் அதைத்தான் சொன்னேன். வீட்டுக்கார அம்மா வயதானவர்கள், கேட்டுவிட்டு "சரிம்மா, பாதி ஏற்றிக்கொள்கிறேன்" என்றார்கள்.

இரண்டுவீட்டுக்காரர் | ஏப்ரல் 19, மதியம் 1:20

அம்மா நல்லவர்கள். என்னிடம் சொன்னால் எனக்கு வேறு ஒன்று தோன்றும்: இவருக்குக் கை இறுகிவிட்டது, அடுத்த மாதம் வாடகை சரியாக வருமா? என் வங்கித் தவணை நிற்காதே. இரண்டு வருடம் இருப்பேன் என்று சொல்கிற ஆள் அதே கடிதத்தில் பணம் பற்றவில்லை என்றும் சொன்னால் முதல் வாக்கின் எடை குறைந்துவிடுகிறது.

பழையகுடித்தனம் | ஏப்ரல் 19, இரவு 7:45

மனிதரைப் பொறுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். முகம் பார்த்துப் பேசிப் பழகியவர்களிடம் சொல்லலாம்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 20, இரவு 9:25

என் வீட்டுக்காரரை நாலு வருடத்தில் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது, நாளை காலை அனுப்பப் போகிறேன். தப்பு இருந்தால் இன்றிரவே சொல்லுங்கள்.

"வணக்கம் ஐயா. ஏப்ரல் 12 அன்று நீங்கள் அனுப்பிய வாடகை உயர்வுச் செய்தி கிடைத்தது. தொடர்ந்து இங்கேயே குடியிருக்க விரும்புகிறேன். வாடகை உயர்வு தேவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தொகையையும் காலத்தையும் பற்றி என் கோரிக்கை இது.

முதல் வருடம் 106, இரண்டாம் வருடம் 112 என்று இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். முன்பணம் இப்போதுள்ளபடியே இருக்கட்டும். சமையலறைச் சுவரின் நீர்க்கசிவை ஜூன் 30-க்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் கட்டிடத்தின் இரண்டாம் மாடி வீடு 104-க்குப் போயிருக்கிறது. அடுத்த கட்டிடத்தில் வண்டி நிறுத்துமிடத்தோடு 112 கேட்கிறார்கள். தெருக்கோடியில் 118 கேட்ட வீடு ஏழு வாரம் காலியாக இருந்து இப்போது 113-க்கு வந்திருக்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

நாலு வருடமாக 48 மாத வாடகையும் தேதி தவறாமல் வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தால் உங்களுக்கு வீடு காலியாகும் கவலையோ தரகுச் செலவோ இருக்காது. ஒப்பந்தத்தில் உள்ள 60 நாள் கணக்குப்படி புதிய வாடகை ஜூலையிலிருந்து வர வேண்டும். மேலே சொன்னது உங்களுக்குச் சரி என்றால் ஜூன் 1 முதலே தருகிறேன்.

பேசி முடிவாகும்வரை இப்போதைய வாடகையைத் தொடர்ந்து கட்டுவேன். இந்தக் கடிதத்தை 118-க்குச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மே 3-க்குள் உங்கள் பதில் தெரிந்தால் ஒப்பந்தம் எழுத நேரம் இருக்கும்."

சாவிக்கொத்து | ஏப்ரல் 20, இரவு 10:10

நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம், ஏப்ரல் வரைக்கும் 48 மாதம் ஆகிவிட்டதா? மே 31-இல் நாலு வருடம் முடிகிறது என்றால் இப்போது 47. சின்ன விஷயம்தான், ஆனால் அவர் எண்ணிப் பார்த்துத் தப்பு என்று கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார். செய்தியாகவும் அனுப்புங்கள், தாளிலும் கொடுத்து வாங்கியதற்கு ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 20, இரவு 10:25

47 தான். திருத்திவிட்டேன். நன்றி.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 24, மாலை 6:40

தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. "118 கொஞ்சம் அதிகம்தான், 112 கொடுங்க, ஒரு வருடத்துக்கு எழுதுவோம், அப்புறம் பார்ப்போம்" என்றார். சரி என்று வாய்வரை வந்துவிட்டது, 118 கேட்டவர் 112-க்கு வந்ததே பெரிசு என்று தோன்றியது. மேசையில் ஒட்டின தாளைப் பார்த்தேன். "யோசித்து எழுதி அனுப்புகிறேன் ஐயா" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதே, ஒரு வருடம் போதும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்றும் கேட்டேன். மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாராம், அடுத்த வருடம் மாற்றல் கிடைத்தால் இந்த வீட்டுக்கு வரலாமாம். இரண்டு வருடம் எழுதிக் கொடுத்துவிட்டால் மகளுக்கு வீடு இல்லாமல் போகும் என்று பயப்படுகிறார். இத்தனை நாள் தொகையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், அவருக்குக் கஷ்டம் காலத்தில்தான்.

இரண்டுவீட்டுக்காரர் | ஏப்ரல் 24, இரவு 8:00

அப்படியானால் தம்பி, அந்தப் பயத்துக்கு மட்டும் ஒரு கதவு வைத்துக் கொடுங்கள். ஒப்பந்தம் இரண்டு வருடம், ஆனால் முதல் வருடம் முடிந்த பிறகு மகள் குடிவருவதற்காக மட்டும், நாலு மாதம் முன்பே எழுத்தில் சொல்லி, வீட்டைத் திரும்பக் கேட்கலாம். வேறு ஆளுக்கு அதிக வாடகைக்கு விடுவதற்காகக் கேட்கக் கூடாது. நானாக இருந்தால் இதற்குச் சம்மதிப்பேன்.

நேர்வழி | ஏப்ரல் 24, இரவு 8:30

மகள் வருகிறாள் என்று சொல்லிக் காலி செய்ய வைத்துவிட்டு வேறு ஆளுக்கு விட்டால் என்ன செய்வீர்கள்? யார் போய்ப் பார்ப்பது?

சாவிக்கொத்து | ஏப்ரல் 24, இரவு 9:20

இந்த முறை நேர்வழி கேட்பது சரியான கேள்வி. முழுசாக அடைக்க முடியாத ஓட்டை அது. அந்தக் கதவுக்கு ஒரு விலை வைக்கலாம்: அப்படித் திரும்பக் கேட்டால் ஒரு மாத வாடகையை அவர் திருப்பித் தர வேண்டும், சாவி கொடுக்கும் அன்றே முன்பணமும் முழுசாக. உண்மையிலேயே மகளுக்காக என்றால் அது அவருக்குப் பெரிய தொகையில்லை. நாலைந்து அதிகம் கிடைக்கும் என்பதற்காக என்றால் அந்த ஒரு மாதமும் காலி நாட்களும் தரகும் சேர்ந்து அவர் லாபத்தைத் தின்றுவிடும்.

உங்களுக்கும் ஒரு கதவு கேளுங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து இரண்டு மாத நோட்டீஸில் நீங்கள் வெளியேறலாம் என்று இருக்கட்டும். இரண்டு வருடம் என்று ஆசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலை மாறினால் மீதி மாத வாடகைக்கு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம்மாடி | ஏப்ரல் 25, காலை 7:45

எழுதி அனுப்பிவிட்டேன். தொலைபேசியில் பேசியதை முதலில் இரண்டு வரியில் குறித்தேன், நீங்கள் 112-ம் ஒரு வருடமும் சொன்னீர்கள், மகளைப் பற்றியும் சொன்னீர்கள் என்று. அப்புறம் அந்தக் கதவு. 106-ஐ 108 ஆக்கினேன், இரண்டாம் வருடம் 112-ஏ. கசிவும் முன்பணமும் முன்பு சொன்னபடி.

உண்மையைச் சொன்னால் மனசில் ஒரு உறுத்தல் இருக்கிறது. மகளுக்கு மாற்றல் கிடைத்தால் பதினாறாவது மாதத்தில் நான் வீடு தேட வேண்டும், பையன் அப்போது பரீட்சை எழுதும் வருடம். கேட்டது இரண்டு வருட நிம்மதி, வந்திருப்பது ஒரு வருட நிம்மதியும் நாலு மாத அவகாசமும்தான் என்று ஒருபக்கம் தோன்றுகிறது.

பழையகுடித்தனம் | ஏப்ரல் 25, காலை 9:10

பரீட்சையைச் சொல்லி, பள்ளி ஆண்டு முடியும் மாதத்தில் மட்டும் காலி செய்கிற மாதிரி கேட்டுப் பாருங்களேன். மகள் உள்ள மனிதருக்கு அது புரியும்.

மூன்றாம்மாடி | மே 2, இரவு 8:20

வந்துவிட்டது. 108-ம் 112-ம் சம்மதம். ஒரு மாத வாடகையைத் திருப்பித் தருவதற்கும் சம்மதம், அதற்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். நான் வெளியேற இரண்டு மாத நோட்டீஸ் என்றதை மூன்று மாதமாக்கச் சொன்னார், ஒப்புக்கொண்டேன். அக்கா சொன்னதை நேரில் போய்க் கேட்டேன், "பரீட்சை நேரத்தில் கேட்க மாட்டேன்பா" என்று வாயால் சொன்னார். எழுத்தில் போட வேண்டாம் என்கிறார். வற்புறுத்துவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

118-ஆக இருந்தால் இரண்டு வருடத்துக்கு 2832 கொடுத்திருப்பேன். இப்போது 2640. வித்தியாசம் 192, இப்போதைய வாடகையில் கிட்டத்தட்ட இரண்டு மாதம்.

சாவிக்கொத்து | மே 2, இரவு 9:00

பரீட்சையைப் பற்றி நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், "பரீட்சை மாதங்களில் கேட்க மாட்டேன் என்று சொன்னதற்கு நன்றி ஐயா" என்று. அவர் மறுக்காவிட்டால் அதுவே ஒரு பதிவு. ஒப்பந்தத்தில் இருப்பதற்கு ஈடாகாது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு மேல். வரைவு வந்ததும் ஒவ்வொரு எண்ணையும் படியுங்கள்.

நேர்வழி | மே 2, இரவு 9:40

நான் எழுத்தில்தான் கேட்பேன். வாய் வார்த்தை நாலு மாதத்தில் மறந்துபோகும்.

மூன்றாம்மாடி | மே 19, இரவு 10:05

வரைவு வந்தது. நல்லவேளை படித்தேன். "முதல் வருடம் 108, அதன்பின் வருடத்துக்கு 5 சதவீத உயர்வு" என்று எழுதியிருக்கிறது. 108-க்கு 5 சதவீதம் கூட்டினால் 113.40, பேசினது 112. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, எழுதிக் கொடுத்தவர் வழக்கமாகப் போடுகிற வரியாம். இன்னொன்றும் இருந்தது: "அதன்பின்" என்றால் இரண்டு வருடத்துக்குப் பிறகும் தானாக ஏறிக்கொண்டே போகுமா என்று தெளிவில்லை. இரண்டு வருடத்துக்கும் மாத வாடகையை எண்ணாலும் எழுத்தாலும் தனித்தனியாகப் போட்டு, ஆரம்பத் தேதியும் முடியும் தேதியும் எழுதி, அந்தச் சதவீத வரியை எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறேன். கசிவு சரிசெய்யும் தேதியும் விடுபட்டிருந்தது, அதையும் சேர்க்கச் சொன்னேன்.

இரண்டுவீட்டுக்காரர் | மே 20, காலை 7:30

நல்ல வேலை செய்தீர்கள். என் ஒப்பந்தங்களிலும் அந்தச் சதவீத வரி இருக்கிறது, இன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

மூன்றாம்மாடி | மே 29, இரவு 9:15

இன்று கையெழுத்தானது. திருத்தியதெல்லாம் இருக்கிறது. நன்றிச் செய்திக்கு "சரி" என்று பதில் போட்டிருக்கிறார், அதைத் தேதியோடு எடுத்து வைத்துவிட்டேன். குழாய்க்காரர் ஜூன் 6 சனிக்கிழமை வருகிறார். தொட்டிக்குக் கீழே இருக்கும் பாத்திரங்களை இன்றே எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டோம்.